பாயர்–மூர் முறையில் இரண்டாவது சுற்று எதற்கு?

"அண்ணா, லீட்கோட் தளத்துல 169-ஆம் கேள்வியை, அதான் பட்டியல்ல பாதிக்கு மேல வர்ற மெஜாரிட்டியைக் கண்டுபிடிக்கிறதை, பாயர்–மூர் ஓட்டு முறையில ஒரே லூப்ல எழுதி பாஸ் பண்ணிட்டேன். நேத்து இன்டர்வியூல அதையே எழுதினேன். 'இன்னொரு தடவை எண்ணிப் பாக்கலையே'ன்னு கேட்டாங்க. கடைசியில count பூஜ்ஜியத்துக்கு மேல இருந்தா அதுதானே மெஜாரிட்டி? மறுபடி ஏன் எண்ணணும்?"

இல்லை தம்பி. count மேலே நின்றால் மெஜாரிட்டி என்று ஆகிவிடாது. லீட்கோட் 169-ல் நீங்கள் தப்பித்ததற்குக் காரணம் உங்கள் லூப் அல்ல, கேள்வியிலேயே இருக்கும் ஒரு வரி: மெஜாரிட்டி எப்போதும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. இன்டர்வியூவில் அந்த வரியை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது இல்லாதபோது உங்கள் லூப் எதைக் கண்டுபிடிக்கிறது, எதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் அவர்கள் கேட்டது.

பேச வசதியாக லூப்பை ஒருமுறை எழுதிக்கொள்வோம்.

```python
def candidate_of(votes):
    cand, count = None, 0
    for v in votes:
        if count == 0:
            cand, count = v, 1
        elif v == cand:
            count += 1
        else:
            count -= 1
    return cand, count
```

இதில் ஏழு ஓட்டைப் போட்டுப் பாருங்கள்: க, க, க, ச, ச, ட, த. முதல் மூன்றில் க-வின் பேரில் count 3 ஆகிறது. அடுத்த இரண்டு ச அதை 1-க்கு இறக்குகின்றன. ட வந்ததும் 0. கடைசியாக வரும் த காலி நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. லூப் முடியும்போது கையில் இருப்பது த, count 1. ஏழில் ஒரே ஓர் ஓட்டு வாங்கியவர் அவர். மூன்று ஓட்டு வாங்கிய க எங்கேயும் இல்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மெஜாரிட்டி என்றால் பாதிக்கு மேல். நம் ஊரில் தேர்தல் என்றதும் நினைவுக்கு வருவது வேறு கணக்கு: மக்களவைத் தேர்தலில் மற்றவர்களைவிட ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினால் போதும், பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. அந்த வெற்றியாளரை இந்த அல்காரிதம் தேடவே இல்லை. மேலே உள்ள ஏழு ஓட்டில் க அப்படி ஜெயித்தவர்தான், ஆனால் ஏழில் மூன்று பாதிக்குக் கீழே. அவரைக் கண்டுபிடிக்கவில்லை என்று இந்த முறையைக் குறை சொல்ல முடியாது.

சரி, அப்படியானால் count என்பது என்ன? பெயரைப் பார்த்து ஓட்டு எண்ணிக்கை என்று நினைத்துவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஓட்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் சீட்டுகள் எல்லாம் ஒரே பெயருக்கானவை. புதுச் சீட்டும் அதே பெயர் என்றால் கையில் சேர்த்துக்கொள்கிறோம். வேறு பெயர் என்றால் கையிலிருந்து ஒன்றை எடுத்து, புதுச் சீட்டோடு சோடி சேர்த்துக் குப்பைக் கூடையில் போடுகிறோம். count என்பது கையில் இருக்கும் சீட்டுகள், அதாவது இன்னும் சோடி கிடைக்காதவை. கூடைக்குள் போன ஒவ்வொரு சோடியிலும் இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

உண்மையிலேயே ஒருவருக்குப் பாதிக்கு மேல் இருந்தால் ஏன் அவரே மிஞ்சுகிறார் என்பது இப்போது புரிந்துவிடும். ஒரு சோடியில் அவருடைய சீட்டு அதிகபட்சம் ஒன்றுதான் இருக்க முடியும். அவருடைய எல்லாச் சீட்டும் கூடைக்குப் போக வேண்டுமானால் ஒவ்வொன்றோடும் சேர்ந்து போக ஒரு மாற்றார் சீட்டு வேண்டும். பாதிக்கும் குறைவாக இருக்கிற மாற்றார் சீட்டு அதற்குப் போதாது. ஆகவே அவருடையது ஒன்றாவது கையில் நிற்கும். கையில் இருப்பது ஒரே பெயர்தான் என்பதால் அந்தப் பெயர் அவருடையது.

இந்த வாதம் ஒரு திசையில்தான் ஓடுகிறது. மெஜாரிட்டி இருந்தால் அது கையில் இருக்கும். கையில் இருப்பது மெஜாரிட்டியா என்பதற்கு இதில் பதிலே இல்லை. அதனால்தான் அந்த மாறிக்கு வேட்பாளர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் count-ல் கொஞ்சம் தகவல் இருக்கத்தான் செய்கிறது, அதை நிறையப் பேர் பயன்படுத்துவதில்லை. மொத்தச் சீட்டு `n`, கையில் மிஞ்சியது `c` என்றால் கூடையில் `(n - c)/2` சோடிகள். வேட்பாளருக்குக் குறைந்தபட்சம் கையில் இருக்கும் `c` ஓட்டு உறுதி. அதிகபட்சமாக ஒவ்வொரு சோடியிலும் ஒன்று அவருடையதாக இருந்திருக்கலாம், அப்போது `c + (n - c)/2`, அதாவது `(n + c)/2`. உண்மையான எண்ணிக்கை இந்த இரண்டு எல்லைக்குள் எங்கோ இருக்கிறது.

இதை வைத்து இரண்டு இடங்களில் இரண்டாவது சுற்றை விட்டுவிடலாம். `c` பூஜ்ஜியம் என்றால் எவருக்கும் `n/2`-க்கு மேல் போக வழியில்லை, மெஜாரிட்டி கிடையாது, முடிந்தது. `c` தனியாகவே `n/2`-ஐத் தாண்டிவிட்டால் கையில் இருப்பதே போதும், அதுவும் முடிந்தது. கேள்வியிலேயே உத்தரவாதம் கொடுத்திருந்தால் மூன்றாவது இடம். மற்ற எல்லாவற்றுக்கும் எண்ணித்தான் ஆக வேண்டும். `n` ஒற்றைப்படை என்றால் `c`-யும் ஒற்றைப்படையாகவே முடியும், பூஜ்ஜியம் ஆக வாய்ப்பே இல்லை. அதாவது ஒற்றைப்படை நீளமுள்ள எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும், அதில் எல்லாமே வெவ்வேறாக இருந்தால்கூட, உங்கள் லூப் யாரையாவது கைகாட்டும். "count பூஜ்ஜியத்துக்கு மேல இருந்தா" என்ற உங்கள் சோதனை அங்கே எதையும் வடிகட்டாது.

நடுவில் இருக்கும் நிலைமைக்கு ஏன் குறுக்குவழி கிடையாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. பத்து ஓட்டுள்ள இரண்டு பட்டியல்களைப் பாருங்கள்.

```
1:  க ச ட த ப க க க க க
2:  ம ச ட த ப க க க க க
```

வித்தியாசம் முதல் எழுத்து மட்டும். முதல் பட்டியலில் க 1, ச வந்து 0. இரண்டாவதில் ம 1, ச வந்து 0. இந்த இடத்தில் count இரண்டிலும் பூஜ்ஜியம். அடுத்த ஓட்டு வந்ததும் பழைய பெயர் அழிக்கப்படப் போகிறது, எனவே இரண்டு ஓட்டமும் இனி ஒன்றேதான். ட 1, த 0, ப 1, க வந்து 0, பிறகு வரும் நான்கு க-வுக்கு 1, 2, 3, 4. இரண்டு பட்டியலும் ஒரே பதிலோடு முடிகின்றன: வேட்பாளர் க, count 4.

இப்போது கையால் எண்ணுங்கள். முதல் பட்டியலில் க ஆறு முறை, மெஜாரிட்டி. இரண்டாவதில் ஐந்து முறை, சரியாகப் பாதி, மெஜாரிட்டி இல்லை. லூப் முடிந்தபின் கையில் இருக்கும் மூன்று தகவலும் (பெயர், count, மொத்த நீளம்) இரண்டிலும் அச்சுப் பிசகாமல் ஒன்று. ஆக, அந்த மூன்றை வைத்து எப்படி `if` எழுதினாலும் ஒன்றில் தப்பாகத்தான் முடியும். இன்டர்வியூவில் இதை வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் அதற்கு மேல் பேச வேண்டியிருந்திருக்காது.

"இன்னும் நாலு மாறி கூடுதலா வச்சா ஒரே சுற்றில் முடிக்கலாமா?" என்று அடுத்துத் தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒரு வாரம் மெனக்கெட்டேன். முடியாது. மேலே உள்ள பட்டியலின் வடிவத்தைப் பாருங்கள்: முதல் பாதியில் எல்லாம் வெவ்வேறு பெயர்கள், பின்பாதி முழுக்க ஒரே பெயர். பின்பாதியில் வரும் பெயர் முன்பாதியில் ஒருமுறை வந்திருந்தால் அது மெஜாரிட்டி, வராவிட்டால் சரியாகப் பாதி. ஆகவே ஒரே சுற்றில் சரியான பதில் சொல்லும் எந்த நிரலுக்கும், பாதி வழியில் நிற்கும்போது "இந்தப் பெயர் முன்னால் வந்ததா?" என்று யாரைப் பற்றிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு முன்பாதிகள் நிரலின் மெமரியை ஒரே மாதிரி விட்டுச் சென்றால், ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத ஒரு பெயரைப் பின்பாதியாக அனுப்பி நிரலை ஏமாற்றிவிடலாம். அதாவது பாதிப் பட்டியலில் வந்த அத்தனை பெயர்களையும் ஏதோ ஒரு விதத்தில் நினைவில் வைத்திருக்காமல் தப்ப முடியாது. ஹாஷ் மேப் போட்டு எண்ணுகிறவர் ஒரே சுற்றில் முடிப்பது இந்த விலையைக் கொடுத்துத்தான். பாயர்–மூர் அந்த மெமரியைக் கொடுக்க மறுக்கிறது, பதிலுக்கு இன்னொரு சுற்று கேட்கிறது.

இதைக் கண்டுபிடித்த ராபர்ட் பாயருக்கும் ஜே ஸ்ட்ரோதர் மூருக்கும் இது தெரியாமல் இல்லை. 1980-ல் யோசித்த முறை, பல வருடம் அச்சேறாமல் கிடந்து 1991-ல்தான் ஒரு தொகுப்பு நூலில் வெளிவந்தது. (எழுத்துத் தேடலுக்குப் பெயர்போன 1977-ஆம் வருட பாயர்–மூர் முறையும் இவர்களுடையதே. இரண்டையும் குழப்பிக்கொண்டு தேடினால் வேறெங்கோ போய் நிற்பீர்கள்.) அவர்கள் ஃபோர்ட்ரானில் எழுதிய நிரலில் இரண்டாவது சுற்று முதலிலிருந்தே இருக்கிறது. மெஜாரிட்டி உண்டா இல்லையா என்பதைத் தனி மாறியில் சொல்லிவிட்டுத்தான் பெயரைத் தரும். பூஜ்ஜியம் என்றால் உடனே "இல்லை", பாதிக்கு மேல் மிஞ்சினால் உடனே "உண்டு" என்ற இரண்டு குறுக்குவழிகளும் அதில் உண்டு. ஒரே லூப்பாகச் சுருங்கியது பின்னால் வந்த பயிற்சிக் கேள்விகளில்தான்.

சுருங்கிய வடிவத்தை நிஜ வேலையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதை ஒன்று. முன்பு வேலை பார்த்த இடத்தில் வாடிக்கையாளர் முகவரிகளை மூன்று கோப்புகளிலிருந்து ஒன்று சேர்த்தோம். ஊர்ப் பெயர் மூன்றிலும் மூன்று விதமாக இருக்கும்: திருச்சி, ட்ரிச்சி, திருச்சிராப்பள்ளி. மூன்றில் இரண்டு எதைச் சொல்கிறதோ அதை எடு என்று முடிவாயிற்று. நானே இந்த லூப்பை எழுதினேன், ஒரே சுற்று. டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ், ஏனென்றால் நான் எழுதிய எல்லா கேஸிலும் இரண்டு கோப்பாவது ஒத்துப்போயின.

மூன்றும் வெவ்வேறாக இருந்தால் என்ன ஆகும் என்று நடந்து பாருங்கள். முதலாவது 1, இரண்டாவது அதை 0 ஆக்கும், மூன்றாவது வந்து உட்காரும். எப்போதும் மூன்றாவது கோப்புதான் ஜெயிக்கும். எங்களுடைய மூன்றாவது கோப்பு இருப்பதிலேயே பழையது. நிரல் எந்தப் பிழையும் காட்டவில்லை, எந்த வரியும் காலியாக வரவில்லை. சில வாரம் கழித்து ஒருவர், "முடிவு ஏன் இவ்வளவு தூரம் பழைய கோப்பு மாதிரியே இருக்கு?" என்று கேட்டபோதுதான் விழித்தோம்.

அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் நான் செய்யும் முதல் சோதனை, வரிசையை மாற்றி ஓட்டிப் பார்ப்பது. மெஜாரிட்டி உண்மையிலேயே இருந்தால் சீட்டுகளை எப்படிக் குலுக்கினாலும் அதே பெயர்தான் வரும். பெயர் மாறினால் மெஜாரிட்டி இல்லை என்பது உறுதி. ஆனால் இதை நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். க, ச, ட, த, க என்ற ஐந்தை நேராக ஓட்டினாலும் தலைகீழாக ஓட்டினாலும் க-தான் வரும். ஐந்தில் இரண்டுதான் அது. வரிசை மாற்றுவது நோயைக் காட்டிக்கொடுக்கும், ஆரோக்கியத்துக்குச் சான்றிதழ் தராது.

முழு நிரல் இவ்வளவுதான்:

```python
def majority(votes):
    n = len(votes)
    cand, c = candidate_of(votes)
    if c == 0:
        return None
    if 2 * c > n:
        return cand
    total = sum(1 for v in votes if v == cand)
    return cand if 2 * total > n else None
```

`total > n / 2` என்று எழுதாமல் `2 * total > n` என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. பாதியில் வகுக்கும் இடத்தில்தான் `>=` போட்டுவிடுவோம், அல்லது ஒற்றைப்படை நீளத்தை மேல்நோக்கி வகுத்துவிடுவோம். மேலே இரண்டாவது பட்டியலில் க ஐந்து முறை, மொத்தம் பத்து. அந்த ஒரு கேஸைச் சோதனையில் வைத்திருந்தால் `>=` தப்பு உடனே மாட்டும். இன்னும் நல்லது, மூன்றே எழுத்துகளை வைத்து ஏழு நீளம் வரை எல்லாப் பட்டியலையும் உருவாக்கி, ஹாஷ் மேப் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது. சில ஆயிரம் பட்டியல்தான், கண் இமைக்குமுன் முடிந்துவிடும். நீளம் மூன்றுக்கே 27-ல் 6 பட்டியலில் மூன்றும் வெவ்வேறு, அந்த ஆறிலும் ஒற்றைச் சுற்று நிரல் பொய் சொல்லும்.

இரண்டாவது சுற்றை எழுதியும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பட்டியல் மெமரியில் இல்லாமல் கோப்பிலிருந்து வரி வரியாக வந்தால், `len(votes)` வேலை செய்யாது, `n`-ஐ முதல் சுற்றிலேயே எண்ணிக்கொள்ள வேண்டும். அந்த முதல் சுற்று கோப்பின் கடைசிக்குப் போய் நிற்கும். இரண்டாவது சுற்று அங்கிருந்து தொடங்கி ஒரு வரியும் படிக்காது, `total` பூஜ்ஜியம், குறுக்குவழியில் முடியாத எதற்கும் மெஜாரிட்டி இல்லை என்று பதில் வரும். `seek(0)` போட்டுத் திரும்பப் போக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி திறக்க வேண்டும். பைத்தான் ஜெனரேட்டரிலும் இதே கதை. இரண்டாவது சுற்றுக்குப் போகும் எல்லாக் கோப்புக்கும் திடீரென்று "இல்லை" என்று வந்தால் அல்காரிதத்தை நோண்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

லீட்கோட் 229-ஐயும் போட்டுப் பாருங்கள், அங்கே `n/3`-க்கு மேல் வந்தவை எல்லாம் வேண்டும். அப்படிப்பட்டவை அதிகபட்சம் இரண்டு, எனவே இரண்டு வேட்பாளர், இரண்டு count. சோடிக்குப் பதில் மூன்று வெவ்வேறு சீட்டுகளைச் சேர்த்துக் கூடையில் போடுகிறோம். இதைப் பொதுவாக எத்தனை பங்குக்கும் விரித்தவர்கள் ஜெயதேவ் மிஸ்ராவும் டேவிட் கிரீஸும், 1982-ல். அந்தக் கேள்வியில் உத்தரவாதம் எதுவும் கிடையாது. விடை இரண்டாக இருக்கலாம், ஒன்றாக இருக்கலாம், எதுவும் இல்லாமலும் போகலாம். இரண்டாவது சுற்று இல்லாமல் அது பாஸே ஆகாது. எழுதும்போது ஒன்று: புது ஓட்டு ஏற்கெனவே உள்ள இரண்டு பெயர்களில் ஒன்றா என்று முதலில் பாருங்கள், காலி நாற்காலி தேடுவது அதன் பிறகு. மாற்றி எழுதினால் ஒரே பெயர் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்துவிடும்.

திரும்பப் படிக்கவே முடியாத தரவு என்றால், ஓடிக்கொண்டே இருக்கும் லாக் மாதிரி, அப்போது `c` தனியாகவே பாதியைத் தாண்டினாலொழிய மெஜாரிட்டி என்று அடித்துச் சொல்ல வழியில்லை. பெயரோடு எல்லையையும் சேர்த்துக் கொடுங்கள். மேலே உள்ள பத்து ஓட்டுக்கு `c` 4, எனவே "க, 4-லிருந்து 7-க்குள்". வாங்கிக்கொள்கிறவருக்கு ஆறு வேண்டும் என்றால், அது உறுதியில்லை என்பது அந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.